பொய்யர் புதிருக்கு ஏன் இரண்டு விடை வருகிறது?

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். கடற்கரைப் பக்கமாக ரயில் போகிற சத்தம் இடையிடையே கேட்கும். அதற்கு நான் பொறுப்பல்ல. இன்றைக்கு மெய்யர், பொய்யர் புதிர்கள். விதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: மெய்யர் எப்போதும் உண்மையே சொல்வார், பொய்யர் எப்போதும் பொய்யே சொல்வார், நடுவில் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறார். யார் யார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

பலகையைப் பாருங்கள். காலிமுகத்திடலில் இறால் வடை வண்டிக்குப் பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள்: நிர்மலா, ஃபரீத், ராகவன், சுமதி. நால்வரும் என் கற்பனைதான். நிர்மலா சொல்கிறார், "ஃபரீத் பொய்யர்." ஃபரீத் சொல்கிறார், "ராகவன் பொய்யர்." ராகவன் சொல்கிறார், "சுமதி மெய்யர்." சுமதி என்ன சொல்கிறார் என்பதை இப்போதைக்கு மூடி வைக்கிறேன். இந்தப் புதிரின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலானோர் உடனே "நிர்மலா மெய்யர் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பிப்பார்கள். தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் உருக்கிப் பார்க்கலாம். நிர்மலா "ஃபரீத் பொய்யர்" என்கிறார். நிர்மலா மெய்யராக இருந்தால் ஃபரீத் பொய்யர். நிர்மலா பொய்யராக இருந்தால் அந்தப் பேச்சு பொய், ஆகவே ஃபரீத் மெய்யர். எப்படிப் பார்த்தாலும் இருவரும் வெவ்வேறு வகை. அந்த வாக்கியம் நமக்குத் தருவது அவ்வளவுதான்: "நாங்கள் இருவரும் வேறு." அதேபோல ஒருவர் இன்னொருவரை "மெய்யர்" என்றால், "நாங்கள் இருவரும் ஒன்று" என்று பொருள். சொன்னவர் யார் என்பதே தேவைப்படவில்லை.

இப்போது நான்கு பேரையும் பிரித்துவிடலாம். நிர்மலாவும் ஃபரீத்தும் வேறு. ஃபரீத்தும் ராகவனும் வேறு. ஆகவே நிர்மலாவும் ராகவனும் ஒன்று. ராகவனும் சுமதியும் ஒன்று. முடிந்தது: ஒரு பக்கம் நிர்மலா, ராகவன், சுமதி, மறுபக்கம் ஃபரீத் தனியாக. நான்கு பேருக்கு மொத்தம் 16 வாய்ப்புகள் உண்டு, அவற்றில் 14-ஐ மூன்று வாக்கியங்களில் கழித்துவிட்டோம். மிச்சம் இரண்டு. மூவர் அணி மெய்யர், ஃபரீத் பொய்யர். அல்லது மூவர் அணி பொய்யர், ஃபரீத் மெய்யர்.

அந்த இரண்டில் எது? இங்கேதான் டியூஷன் வகுப்புகளில் பலர் முதலில் பொருந்திய விடையை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிறார்கள். ஒரு விடை பொருந்துவது ஒன்று, அது மட்டுமே பொருந்துவது வேறொன்று. "அவர் மெய்யர்", "அவர் பொய்யர்" என்ற வகை வாக்கியங்கள் மட்டும் உள்ள புதிரில் விடை இருந்தால், அது ஒருபோதும் ஒற்றையாக இருக்காது. காரணம் எளிது: எல்லோரையும் அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். ஒன்றாக இருந்தவர்கள் ஒன்றாகவே இருப்பார்கள், வேறாக இருந்தவர்கள் வேறாகவே இருப்பார்கள். எல்லா வாக்கியமும் முன்போலவே பொருந்தும். ஆள் நால்வர் ஆனாலும் நாற்பது பேர் ஆனாலும் இதுதான் கதை.

சரி, சுமதியின் வாயைத் திறக்கலாம். முதலில் அவர் நிர்மலாவைப் பார்த்து "நிர்மலா மெய்யர்" என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றும் வரவில்லை. இருவரும் ஒன்று என்பது ஏற்கெனவே தெரிந்ததே. அதே இரண்டு விடைகள் நிற்கின்றன. "நிர்மலா பொய்யர்" என்று சொன்னால்? இருவரும் வேறு என்றாகிறது, ஒன்று என்று ஏற்கெனவே வந்துவிட்டது. புதிரே உடைந்துவிட்டது, இந்த நால்வரும் இப்படிப் பேசவே முடியாது.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல அளவுகோல் உண்டு. யார் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கோடு போட்டு, கோடுகள் வளையமாக மூடுகிறதா என்று பாருங்கள். வளையத்தில் "பொய்யர்" என்ற குற்றச்சாட்டுகளை எண்ணுங்கள். இரட்டைப்படையானால் அந்த வளையம் நிற்கும்; ஒற்றைப்படையானால் உடையும். நம்முடைய வளையத்தில் மூன்று, ஆகவே உடைந்தது. இதே இரட்டைப்படை விதியை 1953-இல் பிராங்க் ஹராரி என்ற கணிதவியலாளர் கூட்டல், கழித்தல் குறியிட்ட வரைபடங்களுக்கு நிறுவினார். நட்பும் பகையும் கலந்த ஒரு கூட்டம் எப்போது இரண்டு அணிகளாகச் சுத்தமாகப் பிரியும் என்பது அங்கே கேள்வி. எனக்கு அது மிகவும் பிடித்த உறவு.

அப்படியானால் ஒற்றை விடை எப்படி வரும்? தலைகீழாக்கினால் தாங்காத ஒரு வாக்கியம் வேண்டும். எண்ணிக்கை பற்றிப் பேசினால் வரும் என்று பலர் நினைப்பார்கள். எப்போதும் வராது. சுமதி "நால்வரில் பொய்யர் ஒருவரே" என்று சொல்லட்டும். மூவர் அணி மெய்யரானால் பொய்யர் ஃபரீத் ஒருவரே, வாக்கியம் உண்மை, பொருந்துகிறது. மூவர் அணி பொய்யரானால் பொய்யர் மூவர், "ஒருவரே" என்பது பொய், சொன்னவரும் பொய்யர், அதுவும் பொருந்துகிறது! எண் வந்தும் புதிர் அசையவில்லை.

இப்போது அவர் "எங்களில் பொய்யர் ஒருவராவது இருக்கிறார்" என்று சொல்லட்டும். சுமதி மெய்யரானால் ஃபரீத் பொய்யர், வாக்கியம் உண்மை, சரி. சுமதி பொய்யரானால் பொய்யர் மூவர். அப்படியானால் வாக்கியம் உண்மையாகிவிடுகிறது. பொய்யர் வாயில் உண்மை வரக்கூடாது. இது கழிந்தது. ஃபரீத் மட்டும் பொய்யர் என்ற ஒரே விடை. புதிர் போடுபவர் தேட வேண்டியது இப்படிப்பட்ட வாக்கியத்தைத்தான்.

இன்னொரு பொறியையும் காட்டிவிட்டு முடிக்கிறேன். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஒரு நிமிடம், ரயில் போகட்டும்... சரி. சுமதி "ஃபரீத், ராகவன் இருவருமே பொய்யர்கள்" என்று சொல்கிறார். சுமதி மெய்யரானால் ராகவனும் மெய்யர், ஆகவே பேச்சு பொய், இது முடியாது. சுமதி பொய்யரானால்? இங்கே பலர் "அப்படியானால் ஃபரீத்தும் ராகவனும் மெய்யர்கள்" என்று எழுதிவிட்டு, ராகவன் சுமதியுடன் சேர்ந்து பொய்யராயிற்றே என்று குழம்பி, "விடையில்லை" என்று கோடு போடுகிறார்கள். "இருவருமே பொய்யர்கள்" என்பது பொய்யாக இருப்பதற்கு இருவரில் ஒருவர் மெய்யராக இருந்தாலே போதும். ஃபரீத் மெய்யர், அது போதும். ஆகவே ஃபரீத் மட்டும் மெய்யர், மற்ற மூவரும் பொய்யர்கள். முந்தைய விடைக்கு நேர் எதிர். மாறியது சுமதியின் பேச்சு மட்டுமே, மற்ற மூவரின் பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

உங்களுக்கு ஒன்று. முதல் மூன்று வாக்கியங்களும் அப்படியே இருக்கட்டும். சுமதி சொல்கிறார்: "எங்களில் பொய்யர்களின் எண்ணிக்கை இரட்டைப்படை." இரண்டு அணிகளையும் போட்டுப் பாருங்கள்.