ஆறாயிரம் ரூபாய் ட்ரையல்: தயங்கும் டாக்டரிடம் எதை எழுதிக் கொடுத்தேன்?

[திரையில்: கிளினிக் மேசை மேல் ஒரு அப்பாயின்ட்மென்ட் நோட்டு]

வணக்கம். இந்த நோட்டு ஒரு பல் மருத்துவமனையுடையது. நேரம் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்கள் அங்கே அதிகம். வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பி அதைக் குறைக்கலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். முழு வேலைக்கு 30,000 ரூபாய். அவர் சிரித்துக்கொண்டே, "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்றார். அப்படியென்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

அங்கேயே விலையைக் குறைத்திருந்தால் கெட்டது. எதற்குத் தயங்குகிறார் என்று கேட்டேன். போன வருஷம் ஒருவர் பணம் வாங்கி ஏதோ மென்பொருள் போட்டுக் கொடுத்தாராம். அதைப் பார்த்துக்கொள்ள ரிசப்ஷனில் ஆளில்லை. ஆக, அவருக்குப் பயம் பணத்தைப் பற்றி அல்ல. தன் ஆட்கள் செய்வார்களா என்பதுதான்.

அதனால் ட்ரையலைச் சிறிதாக்கினேன். இரண்டு நாற்காலிகளில் ஒன்றுக்கு மட்டும், நான்கு வாரம், 6,000 ரூபாய். புது மென்பொருள் கிடையாது. இலவச வாட்ஸ்அப் பிசினஸ் செயலி போதும். நேரம் கொடுக்கும்போதே செய்தி அனுப்பலாமா என்று நோயாளியிடம் கேட்டுவிட வேண்டும். முந்தின நாள் மாலை ஒரு செய்தி, அன்று காலை ஒன்று. அவ்வளவுதான்.

இலவசமாகவே செய்து கொடுத்திருக்கலாமே என்பீர்கள். ஒரு தடவை செய்து பார்த்தேன். காசு கொடுக்காத வேலைக்கு அங்கே யாரும் பத்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை.

[திரையில்: அப்பாயின்ட்மென்ட் நோட்டும் பில் புத்தகமும் அருகருகே]

அடுத்தது, தொடங்கும் முன் இருக்கிற நிலை என்ன? டாக்டர், "பத்துல ஒருத்தர் வரமாட்டாங்க" என்றார். நோட்டில் 'வரவில்லை' என்ற குறிப்பு சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. அதனால் அதே நாற்காலியின் முந்தைய நான்கு வார நோட்டைப் பில் புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன். நோட்டில் பெயர் உண்டு, பில் இல்லை என்றால் ரிசப்ஷன் அக்காவிடம் கேட்டுச் சரிபார்த்தேன். 120 பேரில் 30 பேர் வரவில்லை. பத்தில் ஒருவர் இல்லை, நாலில் ஒருவர். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தார்.

[திரையில்: ஒரு பக்கக் கடிதம்]

இப்போது கடிதம். வராதவர் யார் என்பதை முதலில் எழுதினேன்: முன்கூட்டியே போன் செய்து தேதி மாற்றியவர் வராதவர் இல்லை, சொல்லாமல் வராமல் போனவர்தான் கணக்கில் வருவார். இதை எழுதாவிட்டால் கடைசி நாள் சண்டை இங்கேதான் வரும். தினமும் குறிப்பது அக்கா, சனிக்கிழமை சரிபார்ப்பது நான்.

பிறகு இலக்கு. வராதவர்கள் 15 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் முழு வேலைக்குப் போகிறோம். 20-ஐத் தாண்டினால் விலகிக்கொள்கிறேன். செய்தி மாதிரிகள் கிளினிக்குக்கே. 15-க்கும் 20-க்கும் இடையில் நின்றால் கூடுதல் கட்டணமில்லாமல் இரண்டு வாரம் நீட்டி, ஆறு வாரத்தையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஏன் 22 சதவீதத்தை வெற்றி என்று வைக்கவில்லை? 120 பேர் சின்ன எண்ணிக்கை. ஒரு வாரம் மழை பெய்தாலே மூன்று நாலு சதவீதம் ஏறும், இறங்கும். அது நம் வேலையின் பலனா என்று சொல்லவே முடியாது. தீபாவளி, பொங்கல் வரும் மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

இலக்கு ரூபாயிலும் தெரிய வேண்டும். ஒரு வருகைக்குச் சராசரியாக 600 ரூபாய் என்று டாக்டரே சொன்னார். 30 பேர் 18 ஆகக் குறைந்தால் 12 பேர் கூடுதல்: 7,200 ரூபாய். என் கட்டணம் 6,000.

அதே பக்கத்தில், மேலேயே, முழு வேலைக்கு 30,000 என்று எழுதியிருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு சிக்கல். அக்கா ஆர்வத்தில் எல்லோருக்கும் போனும் செய்ய ஆரம்பித்துவிட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் பலன் செய்தியாலா போனாலா என்று பிரிக்க முடியாது. சனிக்கிழமை சரிபார்ப்பில் இது தெரிந்ததால் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த மூன்று நாளைக் கணக்கிலிருந்து எடுத்து, அதற்குப் பதில் கடைசியில் மூன்று நாள் சேர்த்தோம்.

[திரையில்: 116 / 19]

நான்கு வார முடிவு: 116 பேரில் 19 பேர் வரவில்லை. 16 சதவீதத்துக்குச் சற்று மேல். 'கிட்டத்தட்ட 15தானே டாக்டர்' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. கடிதத்தில் இருந்தபடி இரண்டு வாரம் நீட்டினோம். அதில் 58 பேரில் 6 பேர். சேர்த்தால் 174-க்கு 25, அதாவது 14 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அப்புறம் பேரம். டாக்டர் 25,000 என்றார், நான் 30,000 என்றேன், 27,000-இல் முடிந்தது. பேச்சு 6,000-இலிருந்து தொடங்கவே இல்லை.