ராஜராஜன் காசு என்று நினைத்தோம்

வணக்கம். இந்த மஞ்சள் டப்பாவைப் போன வீடியோவிலேயே பார்த்தீர்கள். எங்கள் ஐயா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் சேர்த்த பழங்காசுகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. இன்றைக்கு ஒரே ஒரு காசைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். செம்பு, ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் அகலம், எடை நாலு கிராமுக்குப் பக்கம். வீட்டில் எல்லோருக்கும் இது "ராஜராஜன் காசு".

கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். முன்பக்கம் ஒரு ஆள் நிற்கிறார். கை கால் எல்லாம் ஈர்க்குச்சி மாதிரி நீளம், கையில் ஒரு பூ, பக்கத்தில் சில புள்ளிகள். பின்பக்கம் அதே மாதிரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் கைக்குக் கீழே எழுத்து. முதலாம் ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். ஆட்சிக் காலம் 985 முதல் 1014 வரை. அந்தக் கணக்கில் வீட்டில் எல்லோரும் "ஆயிரம் வருஷம்" என்று சொல்லிவிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான். சோழர்கள் இலங்கையின் வடபகுதியைப் பிடித்தபோது இந்த உருவமும் அங்கே பரவியது. சோழர் போன பிறகும் இலங்கை அரசர்கள் இதே உருவத்தையே அச்சடித்தார்கள். பொலன்னறுவையின் முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன் என்று போய், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் புவனேகபாகு வரைக்கும் நிற்கிறவர் நின்றுகொண்டே இருக்கிறார், உட்கார்ந்தவர் உட்கார்ந்துகொண்டே இருக்கிறார். இடையில் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் ஓடியிருக்கிறது. அதனால் உருவத்தை மட்டும் பார்த்து வயது சொன்னால் ஏமாந்து போவோம். பெயரைப் படித்துத்தான் ஆக வேண்டும். தேதி எதுவும் போட மாட்டார்கள்.

எழுத்து நாகரி. தமிழ் ராஜா, தமிழ் எழுத்து இருக்கும் என்று நானும் ரொம்ப நாள் தேடினேன்! ராஜராஜன் காசில் "ஸ்ரீ ராஜராஜ" என்றிருக்கும். அதாவது ஸ்ரீக்குப் பிறகு ரா, ஜ, மறுபடி ரா, ஜ. ஒரே ஜோடி இரண்டு தடவை வர வேண்டும். நாகரி முழுசாகத் தெரியாவிட்டாலும் திரும்ப வருகிறதா என்று கண் கண்டுபிடித்துவிடும்.

படிக்கிறதற்கு இன்னொரு தொல்லை, அச்சு பெரிசு, காசு சிறிசு. அடிக்கும்போது அச்சு ஒரு பக்கம் நகர்ந்தால் ஓர எழுத்து காசுக்கு வெளியே போய்விடும். இதிலும் வலது ஓரம் பாதி இல்லை. போதாததற்கு எங்கள் அப்பத்தா வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். பளபளப்பு வந்தது, எழுத்தின் விளிம்பு போனது. தயவுசெய்து யாரும் புளி, எலுமிச்சை, சாம்பல் பக்கமே போகாதீர்கள். அந்தக் கறுப்புப் படிவம் இருந்தால்தான் எழுத்து பள்ளத்திலிருந்து பிரிந்து தெரியும்.

சரி, நான் செய்தது இதுதான். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைக் காசுக்கு மேலே பிடிக்காமல் மேசையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். எழுத்து புடைத்திருக்கிறதால் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும். காசை மெதுவாகச் சுற்றினால் ஒரு கோணத்தில் ஒரு எழுத்து, இன்னொரு கோணத்தில் அடுத்த எழுத்து. எட்டுப் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஸ்ரீ இருக்கிறது. ரா இருக்கிறது. ஜ இருக்கிறது. இதுவரைக்கும் குடும்பக் கதை சரி. அடுத்து மறுபடி ரா வர வேண்டும், வரவில்லை. அந்த இடத்தில் லீ, அதை ஒட்டி லா. அப்புறம் ஒரு வ, மிச்சம் ஓரத்தோடு போய்விட்டது. ஸ்ரீ ராஜ லீலாவதி!

லீலாவதி பராக்கிரமபாகுவின் பட்டத்து ராணி. அவர் இறந்த பிறகு தானே அரியணை ஏறினார், அதுவும் மூன்று முறை. முதலில் 1197 முதல் 1200 வரை, அப்புறம் 1209இல், கடைசியாக 1211இல். 1212இல் பாண்டிய நாட்டிலிருந்து போன படை அவரை இறக்கிவிட்டது. ஆக, இந்தக் காசு அந்தப் பதினைந்து வருஷத்துக்குள் அடித்தது. மூன்றில் எந்த ஆட்சி என்று காசே சொல்லாது, மூன்றுக்கும் பெயர் ஒன்றுதானே. ஆயிரம் வருஷம் என்றது எண்ணூற்றுச் சொச்சமாகக் குறைந்தது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, ராஜராஜன் செப்புக்காசு நிறையப் பேர் வீட்டில் இருக்கிறது.

அப்பத்தாவிடம் போய், இது ராஜா இல்லை, ராணி என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ராணியா? அப்ப இத்தனை வருஷமா நான் வெச்ச குங்குமம் வீணாப் போகலடா" என்றார்.