கார்னர் அடிக்கும்போது கோல்கீப்பரின் காலைப் பாருங்கள்

வணக்கம். பாலம் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் வந்தவர்கள் பின்னால் நிற்க வேண்டாம், முன்வரிசையில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

பினாங்கில் நின்றுகொண்டு காற்பந்தைப் பற்றிப் பேசும்போது ஃபைஸ் சுப்ரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக அவர் அடித்த அந்த ஃப்ரீ கிக், காற்றில் ஒரு பக்கம் போவதுபோல் போய்த் திடீரென்று எதிர்ப்பக்கம் வளைந்து உள்ளே இறங்கியது, அதற்கு ஃபிஃபாவின் புஷ்காஸ் விருதும் கிடைத்தது. ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த மாதிரி கோலைப் பற்றி இல்லை. அந்த மாதிரி உதை ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை அமைந்தாலே பெரிது. வாராவாரம், ஒரே மாதிரி, வேண்டுமென்றே திட்டம் போட்டு அடிக்கிற கோலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்குத் தலைப்பு கொடுத்தவர்கள் 'சதுரங்கமும் காற்பந்தும்' என்று போட்டுவிட்டார்கள். சரி, அதையே பிடித்துக்கொள்கிறேன்.

சதுரங்கம் ஆடுகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். எதிராளியின் ஒரு குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காய்களுக்குக் காவல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டில் ஒன்றை அடிப்பீர்கள். குதிரை பழிவாங்க நகர்ந்தால் இன்னொன்று காவலில்லாமல் போய்விடும். பாவம், அந்தக் குதிரைமேல் தப்பே இல்லை, அதன் தலையில் இரண்டு வேலையைக் கட்டியதுதான் தப்பு. காற்பந்தில் நான் பார்த்த நல்ல திட்டங்கள் பெரும்பாலும் இந்த ஒரே தந்திரம்தான்: யாருக்கு இரண்டு வேலை இருக்கிறது என்று கண்டுபிடி, இரண்டையும் ஒரே நொடியில் செய்யச் சொல்.

கார்னரில் அந்த ஆள் கோல்கீப்பர். அவர் கோட்டையும் காக்க வேண்டும், உயரமாக வரும் பந்தையும் வெளியே வந்து பிடிக்க வேண்டும். கோட்டிலேயே நின்றால் ஐந்தரை மீட்டர் கட்டத்துக்குள் எதிரணி தலையால் முட்டிவிடும். வெளியே வந்து பந்தைத் தவறவிட்டால் பின்னால் வலை காலி.

இதை ஆர்சனல் எப்படிப் பயன்படுத்துகிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். 2021-இல் நிக்கோலா ஜோவேர் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நின்ற பந்துகளுக்கான செட் பீஸ் பயிற்றுநராக வந்தார், அதற்கு முன் பிரென்ட்ஃபர்ட்டிலும் மான்செஸ்டர் சிட்டியிலும் அதே வேலை பார்த்தவர். அவர் செய்கிற முதல் காரியம், வலப்பக்கக் கார்னரை இடது காலால் அடிக்கும் சாகாவிடமும், இடப்பக்கக் கார்னரை வலது காலால் அடிக்கும் ரைஸிடமும் கொடுப்பது. அப்போது பந்து கோலை நோக்கி உள்ளே வளைந்து வரும். யார் தலையில் உரசினாலும், ஏன், யார் தலையிலும் உரசாவிட்டாலும் ஆபத்து. அதனால் கோல்கீப்பர் வெளியே வந்தே தீர வேண்டும்.

வர விடுவார்களா? அவருக்கு முன்னால் ஒருவர் போய் நிற்பார், பல காலம் பென் வைட் அந்த வேலையைச் செய்தார். ஒருமுறை டொட்டன்ஹாம் கோல்கீப்பரின் கையுறையைக்கூடக் கழற்றப் பார்த்தார், அந்த வீடியோவைப் பார்த்து என் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இங்கே ஒரு விதியை நினைவில் வையுங்கள்: கார்னரிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைட் கிடையாது. அதனால்தான் கோல் கோட்டிலேயே ஒருவர் போய் ஒட்டிக்கொள்ள முடிகிறது. ஃப்ரீ கிக்கில் அப்படி நின்றால் கொடி தூக்கிவிடுவார்கள். ஆனால் கார்னரிலும், பந்தை ஒருவர் தட்டி இன்னொருவருக்குக் கொடுத்த அந்தக் கணத்திலிருந்து ஆஃப்சைட் மறுபடி உயிர்பெற்றுவிடும், இதை மறந்து வீணான கோல்கள் எத்தனையோ.

மற்றவர்கள் எங்கே? அதுதான் அழகு. நான்கைந்து பேர் பின்கம்பத்துக்கும், அதாவது கார்னர் அடிப்பவருக்குத் தூரமான கம்பத்துக்கும், அப்பால் கூட்டமாக நிற்பார்கள், நம்ம ஊரில் பஸ் வருவதற்குக் காத்திருப்பதுபோல. எதிரணி பொதுவாகக் கலந்து தற்காக்கும்: நான்கைந்து பேர் ஐந்தரை மீட்டர் கோட்டில் ஆளுக்கொரு இடம் பிடித்து நிற்பார்கள், இரண்டு மூன்று பேர் ஓடிவருகிறவர்களை இடித்துத் தாமதப்படுத்துவார்கள். இடம் காக்கிறவர் நின்ற நிலையிலிருந்து குதிக்க வேண்டும், ஓடிவருகிறவர் வேகத்தோடு குதிக்கிறார். கூட்டம் கலைந்து ஓடும்போது ஒருவர் இன்னொருவரின் காவலாளி வரும் வழியில் குறுக்கே வந்துவிடுகிறார், இந்தக் கலவரத்தில் ஆர்சனலின் தடுப்பாட்டக்காரர் கேப்ரியல் தனியாகப் பின்கம்பத்தில் முளைப்பார். 2024 செப்டம்பர் 15-இல் டொட்டன்ஹாமில் 1-0 ஜெயித்தது சாகாவின் கார்னரில் அவர் தலையால் முட்டிய அந்த ஒரு கோலில்தான்.

சரி, கேப்ரியல் உயரமாக, பலமாக இருக்கிறார், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அதே ஆண்டு டிசம்பர் 4, நமக்கு ஐந்தாம் தேதி விடியற்காலை 4:15, மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து மான்செஸ்டர் யுனைட்டட் ஆட்டத்தைப் பார்த்தேன். கேப்ரியல் காயத்தில் வெளியே. முதல் கோல்: ரைஸ் இடப்பக்கத்திலிருந்து அடித்த பந்தை டிம்பர் முன்கம்பத்தில் உரசி உள்ளே விட்டார். இரண்டாவது: சாகா அடித்தது பின்கம்பத்துக்குப் போனது, பார்ட்டே தலையால் திருப்பினார், அது சலீபாமேல் பட்டு வலைக்குள் போனது. 2-0, இரண்டும் கார்னர். ராணி இல்லாமலே ஜெயிக்கிற திட்டம் இது. ஒரே அமைப்பு, ஆனால் ஒரு தடவை பந்து முன்னால், ஒரு தடவை பின்னால். பின்கம்பத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறவன் முன்கம்பத்தில் அரை அடி தாமதமாகத்தான் வருவான்.

இதைக் கேட்டுவிட்டு நாளையே பாடாங்கில் முயற்சி செய்யப்போகிறவர்களுக்கு ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பயிற்சி கொடுக்கும் பதினைந்து வயதுப் பையன்களிடம் இதையே சொல்லிக்கொடுத்தேன். முதல் கார்னர், எங்கள் பையன் கோல்கீப்பரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துவிட்டான். நடுவர் விசில் ஊதினார், சரியாகத்தான் ஊதினார். நிற்பது தப்பில்லை, பிடிப்பது தப்பு. இரண்டாவது கார்னரில் எல்லாரும் உள்ளே ஓடிவிட்டார்கள், கோல்கீப்பர் பந்தைப் பிடித்து எறிந்தார், எங்கள் பாதியில் ஆளே இல்லை. அதுவும் என் தப்புதான், உள்ளே யார் போவது என்று சொன்னேன், வெளியே யார் நிற்பது என்று சொல்லவில்லை. பெரிய அணிகள் பெட்டியின் ஓரத்தில் இரண்டு பேரையும் பின்னால் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் இந்த வேலைக்கு இறங்குகின்றன. அதற்கு மேல், நூறு கார்னருக்கு மூன்று நான்கு கோல் வந்தாலே நல்ல கணக்கு. மீதித் தொண்ணூற்றாறிலும் திருப்பி அடி வாங்காமல் இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது பந்து உருள்கிறது. கார்னரில் ஆட்டம் நிற்கிறது, யோசிக்க நேரம் இருக்கிறது, அதனால் சதுரங்கம் மாதிரி தோன்றுகிறது. ப்ரெஸ்ஸிங்கில், அதாவது பந்து வைத்திருக்கும் எதிரணியை ஓடிப்போய் நெருக்குவதில், அப்படி இல்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காய் நகர்த்துகிறார்கள். ஆனால் தந்திரம் அதேதான், தலைகீழாக. இங்கே நம் ஒரே ஆளை வைத்து எதிரணியின் இரண்டு பேரைக் காப்பது.

கிளாப் பயிற்றுநராக இருந்த காலத்து லிவர்பூலை எடுத்துக்கொள்ளுங்கள், 4-3-3. எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரரிடம் பந்து இருக்கிறது. மானேவோ சலாவோ அவரை நோக்கி நேராக ஓடுவதில்லை, வெளிப்பக்கத்திலிருந்து வளைந்து உள்ளே ஓடிவருகிறார்கள். ஏன் வளைவு? அவர்கள் முதுகுக்குப் பின்னால் விளிம்பில் நிற்கும் பின்னாட்டக்காரர் அந்த நிழலில் மறைந்துவிடுகிறார், பந்து வைத்திருப்பவரால் அவருக்குத் தரையில் கொடுக்க முடியாது. ஓடுகிற ஒருவர், காத்தது இரண்டு பேரை. நடுவில் ஃபிர்மினோ எதிரணியின் தாங்கு நடுவாட்டக்காரரின் பக்கத்தில் நின்று அந்த வழியையும் அடைக்கிறார். மீதி ஒன்று நீளமாக உதைப்பது, இல்லை தப்புப் பண்ணுவது.

2018 ஜனவரி 14, நமக்கு நள்ளிரவு 12 மணி ஆட்டம். அந்தப் பருவத்தில் லீக்கில் தோற்காத மான்செஸ்டர் சிட்டி ஆன்ஃபீல்டில் 4-3 தோற்றது. 59-இலிருந்து 68-ஆவது நிமிடத்துக்குள் மூன்று கோல். ஓட்டமெண்டியிடம் சலா பந்தைப் பறித்தார், மானே அடித்தார். அப்புறம் கோல்கீப்பர் எடர்சன் பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து அவசரத்தில் உதைத்த பந்து நேராக சலாவின் காலில் வந்து விழுந்தது, தூரத்திலிருந்தே தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டார். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தையும் பாருங்கள், சிட்டி இரண்டு கோல் திருப்பியது. சதுரங்கக் குதிரைக்கு மூச்சு வாங்காது, மானேக்கு வாங்கும். வளைவு ஒரு நொடி தாமதமானால் நிழல் கலைந்துவிடும், கோல்கீப்பர் அவர் தலைக்கு மேலே விளிம்புக்குத் தூக்கிக் கொடுப்பார், அதை அடைக்க நடுவாட்டக்காரர் ஓட வேண்டும், அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஓட்டை. 2019-இல் கோல் கிக் விதி மாறியதிலிருந்து தற்காப்பவர் பெட்டிக்குள்ளேயே பந்தை வாங்கலாம், அதனால் முன்னால் இருப்பவர்கள் இன்னும் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. ப்ரெஸ் செய்கிற அணி களைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முன்வரிசை ஓடும்போது பின்வரிசை கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். நடுவில் பந்து விழுந்து உருள இடம் இருந்தால் ப்ரெஸ் செத்துவிட்டது, ஓடுகிறவர்கள் சும்மா ஓடுகிறார்கள்.

4-3-3, 4-4-2 என்கிற எண்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அவை ஆட்டம் தொடங்கும்போது காய்களை அடுக்கிய விதம், அவ்வளவே. 2023-இல் சிட்டியின் ஸ்டோன்ஸ் தற்காப்பு வரிசையிலிருந்து எழுந்து நடுவரிசைக்குப் போனார், நடுவில் இரண்டு பேரை மட்டும் வைத்திருந்த அணி திடீரென்று நான்கு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடியும் அதே குதிரை, அதே இரண்டு வேலை.

ஒரு தம்பி கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். சொல்லுங்கள் தம்பி. "அண்ணே, உங்கள் பையன்கள் கடைசியில் அந்தக் கார்னரில் கோல் போட்டார்களா, இல்லையா?"

போட்டார்கள். ஆறு வாரம் கழித்து, எங்கள் ஒல்லிப் பையன் கோல்கீப்பர் முன்னால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கோல்கீப்பர் ஒரு காலை முன்னால் வைத்தார், இவனைப் பார்த்தார், காலைப் பின்னால் இழுத்தார். அந்த அரை நொடியில் பந்து பின்கம்பத்தைத் தாண்டிவிட்டது, அங்கே எங்களிலேயே குள்ளமான பையன், தலையால்கூட இல்லை, தொடையால் தட்டி உள்ளே போட்டான்.