பன்னிரண்டே முக்காலுக்கு எத்தனை இலை? மெஸ்ல சோறு மிஞ்சாம இருக்க ஒரு கணக்கு

[காட்சி: மெஸ்ஸோட பின்கட்டு. சுவரோரமா மூணு பிளாஸ்டிக் வாளி: நீலம், சிவப்பு, பச்சை. பக்கத்துல ஒரு எலக்ட்ரானிக் தராசு.]

இந்த வாளிங்க இருக்கறது எங்க சித்தப்பா மெஸ்ல. திருச்சியில பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்து. அளவுச் சாப்பாடு இல்ல, முழுச் சாப்பாடு. கேட்கக் கேட்க சோறு வரும். ஒரு மதியத்துக்கு 150-ல இருந்து 170 இலை விழும்.

மிச்சம் ஜாஸ்தின்னு எல்லாருக்கும் தெரியும். எதனாலன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு பதில். "சப்ளையர் பசங்க அள்ளிக் கொட்டுறானுங்க தம்பி"ன்னு மாஸ்டர் சொல்வாரு. "மாஸ்டர் வடிக்கிறதே கூடுதல்ணே"ன்னு சப்ளையர் சொல்வான். ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம். அதுல எது எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் கை வைக்க முடியும். அதுக்குத்தான் மூணு வாளி.

பாத்திரத்துல மிஞ்சினது நீலத்துக்கு. இலையில இருந்து வர்றது சிவப்புக்கு. காய் நறுக்கினப்போ கழிஞ்சது பச்சைக்கு. சிவப்புல போடும்போது இலையை எடுத்துட்டு வழிச்சுப் போடணும். இல்லைன்னா வாழை இலையோட எடைதான் பாதி இருக்கும். முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை மாதிரி யாரும் தின்னாததையும் அதுல சேர்க்கக் கூடாது.

ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தோம். ஒரு நாளைக்குச் சராசரியா நீலம் 11 கிலோ, சிவப்பு 8 கிலோ, பச்சை 9 கிலோ.

[காட்சி: மூணு வாளியும் நெருக்கத்துல. நீல வாளி நிறைய வெள்ளைச் சோறு.]

எடையைப் பார்த்தா மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. காசைப் பார்த்தா அப்படி இல்ல. பச்சை வாளியில இருக்கறது வெறும் தோலும் காம்பும். நீல வாளியில அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், மாஸ்டரோட காலை நேரம் எல்லாம் கிடக்கு. அதனால நீலத்துல இருந்து ஆரம்பிப்போம்.

அந்த 11 கிலோல 9 கிலோ சோறு. புழுங்கலரிசி ஒரு கிலோ வடிச்சா ஏறக்குறைய மூணு கிலோ சோறு வரும். அப்போ தினமும் 3 கிலோ அரிசியைத் தேவையில்லாம உலையில போட்டிருக்கோம்.

மாஸ்டர் தினம் 25 கிலோ போடுவாரு. எந்தக் கிழமையா இருந்தாலும் 25. ஏன்னு கேட்டேன். "ஒரு நாள் பத்தாமப் போயி முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன் தம்பி. அதுல இருந்து இப்படித்தான்." இது அவர் தப்புன்னு நான் நினைக்கல. பத்தலைன்னா திட்டு விழுது, மிஞ்சினா யாரும் எதுவும் கேட்கறதில்ல. அப்படி இருந்தா யாரா இருந்தாலும் கூடத்தான் போடுவாங்க.

[காட்சி: கல்லாப்பெட்டி மேல கோடு போட்ட நோட்டு.]

நாளைக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு சொல்ல சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டாம். இந்த நோட்டு போதும். நாளைக்கு வெள்ளிக்கிழமைன்னா, போன நாலு வெள்ளிக்கிழமையைப் பாருங்க. நேத்தையும் முந்தாநேத்தையும் பார்த்துக் கணக்குப் போடாதீங்க. திங்கக்கிழமைக் கூட்டம் வேற, வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேற.

எங்க நோட்டுல நாலு வெள்ளி இப்படி இருந்துச்சு: 162, 171, 118, 167. அந்த 118 அன்னைக்குக் காலையில இருந்தே அடைமழை. அதைத் தள்ளிட்டோம். மீதி மூணையும் கூட்டினா 500. சராசரி 167.

அப்புறம் காலண்டரைப் பார்க்கணும். புரட்டாசி சனிக்கிழமைன்னா சைவ மெஸ்ல கூட்டம் ஏறும். பெரிய முகூர்த்த நாள்னா எங்க பக்கம் குறையும், ஆபீஸ் ஆளுங்க பாதிப் பேர் கல்யாணப் பந்தியில இருப்பாங்க. மண்டபத்துக்குப் பக்கத்துல கடை வெச்சிருந்தா இதுவே தலைகீழா இருக்கலாம். இதையெல்லாம் உங்க நோட்டுதான் சொல்லணும், நான் சொல்ல முடியாது.

நோட்டுல ஒரு பொறி இருக்கு. ஒரு நாள் 140-ன்னு எழுதியிருக்கும். ஆனா அன்னைக்கு ரெண்டு மணி அஞ்சு நிமிஷத்துக்கே சோறு தீர்ந்திருக்கும். 140 பேர்தான் வந்தாங்கன்னு அர்த்தம் இல்ல. 140 பேருக்குத்தான் இருந்துச்சு, அவ்வளவுதான். அந்த 140-ஐ நம்பி அடுத்த வாரம் சமைச்சா மறுபடியும் பத்தாது. மாஸ்டர் பயந்துபோய் திரும்ப 25-க்குப் போயிடுவாரு. அதனால நோட்டுல இன்னும் ரெண்டு கட்டம் போட்டோம்: எத்தனை மணிக்குத் தீர்ந்துச்சு, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம்.

சரி, 167 பேர். தலைக்கு எவ்வளவு அரிசி? நிறுத்துப் பார்த்த ஒரு நாளை எடுத்துக்கிட்டோம். போட்டது 25 கிலோ, மிஞ்சின சோறு அரிசிக் கணக்குல 3 கிலோ, போனது 22. அன்னைக்கு 168 இலை. வகுத்தா தலைக்கு 130 கிராம். இது எங்க கடைக் கணக்கு. லோடுமேன், கட்டட வேலைக்காரங்க அதிகமா வர்ற கடைன்னா இது நல்லாவே ஏறும்.

167 பேருக்கு 130 கிராம்னா 22 கிலோ. ஆனா இந்த 22-ஐயும் ஒரே உலையில போடக்கூடாது. இங்கதான் அந்தப் பன்னிரண்டே முக்கால் வருது.

[காட்சி: சுவர்க் கடிகாரம் 12:45. கல்லாவுல இருக்கற பெண் டோக்கன் எண்ணுகிறார்.]

பத்தே முக்காலுக்கு முதல் உலை, 16 கிலோ. மீதி 6 கிலோவைக் கழுவி ஊற வெச்சுடணும். பதினொன்றரைக்குப் பந்தி ஆரம்பம். பன்னிரண்டே முக்காலுக்குச் சித்தி டோக்கனை எண்ணி உள்ள குரல் கொடுப்பாங்க. எங்க நோட்டுப்படி அந்த நேரத்துக்கு அன்னைய கூட்டத்துல நூத்துக்கு 45 பேர் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. 75 இலை விழுந்திருந்தா, கணக்கு சரி, மொத்தம் 167 வரும். மீதி 6 கிலோவும் உலைக்குப் போகலாம். 60 இலைதான்னா மொத்தம் 133 பக்கம்தான் நிக்கும். அதுக்கு 17 கிலோ சொச்சம் போதும். ஒன்றரைக் கிலோ மட்டும் போட்டா ஆச்சு.

ஏன் அந்த நேரம்? சோறு வடிஞ்சு பரிமாற வர நாப்பது நிமிஷம் ஆகும். 16 கிலோ அரிசி 123 பேருக்குத் தாங்கும். முக்காலுக்கு முடிவு எடுத்தா, முதல் பானை தீர்றதுக்குள்ள ரெண்டாவது வந்துடும். நாங்க முதல்ல ஒரு மணிக்குத்தான் எண்ணினோம். ஒரே வெள்ளிக்கிழமையில பத்து நிமிஷம் பந்தியில இலையோட ஆளுங்க காத்திருந்தாங்க. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை விடுங்க.

ஊறின அரிசி மிஞ்சினா பிரச்சனை இல்ல, ராத்திரி டிபனுக்கு அரைக்கிற தோசை மாவுல சேர்ந்துடும். வடிச்ச சோறு மிஞ்சினாத்தான் வழியே இல்ல. சாம்பாரும் அப்படித்தான். பருப்பு வேக வெச்சது தனியா, புளிக்கரைசல் தனியா இருந்தா ரெண்டாவது தடவை வேணுங்கற அளவுக்கு மட்டும் கூட்டிக்கலாம்.

"மிஞ்சின சோத்தைச் சாயங்காலம் லெமன் சாதம் ஆக்கிடலாமே"ன்னு கேட்பீங்க. மூணு மணி நேரம் சும்மா வெளியில கிடந்த சோறுன்னா, வேண்டாம். சோத்துல வளர்ற ஒரு பாக்டீரியா இருக்கு, பாசில்லஸ் சீரியஸ்னு பேர். அதோட விதை மாதிரியான ஸ்போர் கொதியில கூடச் சாகாது. சோறு வெதுவெதுப்பா கிடக்கும்போது வளர்ந்து நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஒண்ணு, 60 டிகிரிக்கு மேல சூடாவே இருக்கணும். இல்ல, அகலத் தட்டுல பரப்பி சீக்கிரமா ஆற வெச்சு, 5 டிகிரிக்குக் கீழ ஃப்ரிட்ஜுக்குப் போகணும். யாருக்காவது குடுக்கறதா இருந்தாலும் இதே விதிதான்.

[காட்சி: கை கழுவுற இடம். மடிக்காத ஒரு இலை, ஓரத்துல கறையே படாத வெள்ளைச் சோறு.]

இப்போ சிவப்பு. ரெண்டு நாள் இலை எடுக்கிற இடத்துல நின்னு பார்த்தேன். பொரியல் காலி. அப்பளம் காலி. சோறுதான் மிச்சம், அதுவும் குழம்பு படாத சோறு. அப்போ சாப்பிடப் பிடிக்காம விட்டது இல்ல, முதல்லயே தேவைக்கு மேல விழுந்தது. ஒரு சப்ளையர் போட்ட பத்துப் பேர் சோத்தை நிறுத்தோம். குறைஞ்சது 310 கிராம், கூடினது 440. ஒரே கை, ஒரே கரண்டி.

கரண்டியை எடுத்துட்டு, 250 கிராம் பிடிக்கிற ஒரு கிண்ணம் குடுத்தோம். அன்னைக்கே ஒரு வாடிக்கைக்காரர் கேட்டாரு: "என்னப்பா, அரிசி விலை ஏறிடுச்சா?" நியாயமான கேள்விதான். முழுச் சாப்பாட்டுக்குக் காசு குடுத்தவர் கையேந்திக் கேட்கக் கூடாது இல்லையா. தப்பு கிண்ணத்துல இல்ல. ரெண்டாவது சோறு வர லேட்டாச்சு. சாம்பார் சோறு முக்கால்வாசி முடியறப்போ சப்ளையர் பக்கத்துல நின்னு "சோறு போடட்டுமாண்ணே"ன்னு கேட்கணும். அதைப் பழக்கின பிறகு அந்தப் பேச்சு நின்னுச்சு. அவங்க சாப்பிடற சோறு குறையல, வாளிக்குப் போனதுதான் குறைஞ்சுச்சு. 8 கிலோ 5 ஆச்சு.

மீதி 5 கிலோ அளவுல தீராது. புதன்கிழமை சௌசௌ கூட்டு எவ்வளவு சின்னக் கரண்டியில வெச்சாலும் அப்படியே திரும்பி வரும். அது அளவுப் பிரச்சனை இல்ல, கூட்டுப் பிரச்சனை. அதை நிறுத்திட்டோம்.

[காட்சி: அரிவாள்மணை, பீர்க்கங்காய்த் தோல் குவியல்.]

கடைசியா பச்சை வாளி. இதைப் பத்தி நெட்ல நிறைய வீடியோ இருக்கு. பார்க்க அழகாவும் இருக்கும். ஆனா காசு இதுல குறைச்சல்தான். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க: தோல்ல செய்யறது இலையில ஏற்கெனவே இருக்கற ஒண்ணுக்குப் பதிலா வரணும். கூடுதலா ஒரு ஐட்டமா வெச்சா, எண்ணெயும் மிளகாயும் செலவழிச்சு பச்சை வாளியைச் சிவப்பு வாளிக்கு மாத்தினதுதான் மிச்சம்.

நாங்க பீர்க்கங்காய்க் கூட்டு வைக்கிற நாள்ல தேங்காய்த் துவையல் அரைக்கிறதில்ல. 12 கிலோ காய்ல ரெண்டு கிலோ தோல் வரும். உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கொஞ்சம் புளியோட வதக்கி அரைச்சா எல்லா இலைக்கும் ஒரு உருண்டை வரும். தேங்காய்க் காசு மிச்சம். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்குப் போகுது. முட்டைக்கோஸ் நடுத்தண்டைப் பொடியா நறுக்கி சாம்பார்ல போடறோம். உருளைக்கிழங்குத் தோலைத் தொடறதில்ல. பச்சை பிடிச்ச கிழங்குல நச்சு தோல்லதான் அதிகம். மூட்டைக்குள்ள ஒவ்வொண்ணா யார் பார்க்கறது?

பீர்க்கங்காய்லயும் ஒரு வேலை இருக்கு. சிலது கசக்கும். கசந்தா சமைச்சாலும் போகாது, வயித்தையும் கெடுக்கும். ஒரு காய் போதும், மொத்தத் துவையலும் போச்சு. அதனால மாஸ்டர் சீவறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காயிலயும் ஒரு துளி நறுக்கி நாக்குல வெச்சுப் பார்த்துத் துப்பிடுவாரு. போன வாரம் ஒண்ணு கசந்துச்சு. தோலோட சேர்த்து முழுக் காயையும் பச்சை வாளியில போட்டாரு. போட்டுட்டு, யாரும் சொல்லாமலே, தராசைப் பார்த்து நோட்டுல எழுதினாரு: பீர்க்கு, கசப்பு, 400 கிராம்.