சத்தம் போடுகிறவனும் சத்தமே இல்லாதவனும்

வணக்கம் நேயர்களே. பிள்ளைகளின் மனநல கிளினிக் ஒன்றில் வேலை செய்கிறவன் நான். அங்கே பதினொரு, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் அநேகமாக ஒரே சொல்லோடுதான் வருவார்கள். "டொக்டர், சரியான குழப்படி." அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

இரண்டு பெடியன்களின் கதை சொல்கிறேன். பல பிள்ளைகளிடம் கண்டதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி நானே கட்டியது.

முதலாமவனுக்குப் பன்னிரண்டு வயது, தரம் 7, வெள்ளவத்தையில் வீடு. அம்மா உட்காருவதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டார். குளி என்றால் சண்டை, போனை வை என்றால் சண்டை. அம்மம்மாவைக்கூட எதிர்த்துக் கதைக்கிறான், டீவி ரிமோட்டைச் சுவரில் எறிந்து உடைத்திருக்கிறான். போன கிழமை அம்மாவின் பேர்ஸிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துவிட்டான். "இப்ப களவும் பழகிட்டான், இனி என்ன மிச்சம்?" என்று கேட்டார் அம்மா.

இரண்டாமவன் கொட்டாஞ்சேனைப் பக்கம், அவனுக்கும் அதே வயது. அமைதியாக வந்தான், "குட் மோர்னிங் டொக்டர்" என்றான், கதிரையில் நேராக இருந்தான். அப்பா அவனைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ பென்சில் பெட்டிப் பிரச்சினையாம், அதிபர் ஒருக்காக் காட்டச் சொன்னாராம்.

இவர்களில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? கேட்டவுடன் முதலாமவன் என்றுதான் தோன்றும்.

முதலாமவனின் ஆயிரம் ரூபாயிலிருந்து தொடங்குவோம். எதற்கு எடுத்தான் என்று கேட்டேன். அம்மா ஒரு மாதத்துக்குப் போனைப் பறித்து வைத்திருந்தார். அவன் சித்தப்பாவின் பழைய போன் ஒன்றைத் தேடியெடுத்து, அதற்கு ரீலோட் போடக் காசு எடுத்திருக்கிறான். பிடிபட்டதும் ஒளிக்கவில்லை, "நீங்கதானே பறிச்சீங்க" என்று முகத்துக்கு நேரே சண்டை பிடித்தான். வகுப்பாசிரியரோடு தொலைபேசியில் கதைத்தேன். கணித ஆசிரியரோடு ஒருமுறை வாக்குவாதம், மற்றப்படி ஒன்றுமில்லை என்றார். வேறு பிள்ளைகளுக்கு அடித்ததில்லை, யாருடைய பொருளும் காணாமல் போனதில்லை.

இதைத்தான் எதிர்ப்பு நடத்தை என்கிறோம். அடிக்கடி கோபம் வரும், தொட்டால் சுருங்கும், பெரியவர்களோடு வாதாடும், சொன்னதை வேண்டுமென்றே மறுக்கும், தன் பிழையை மற்றவன் தலையில் போடும். இப்படியான எட்டு அறிகுறிகளில் குறைந்தது நான்கு, ஆறு மாதமாக, இந்த வயதில் கிழமைக்கு ஒரு தடவையாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. சகோதரனோடு மட்டும் சண்டை பிடித்தால் அது இதில் சேராது.

நடத்தைக் கோளாறு வேறு. அங்கே மற்றவனின் உரிமை மீறப்படுகிறது. ஆட்களையோ பிராணிகளையோ வதைப்பது, வேண்டுமென்றே பொருட்களை நாசமாக்குவது, களவும் ஏமாற்றும், பாரதூரமான விதிமீறல் என்று நான்கு வகை. இவற்றுக்குள் வரும் பதினைந்து அறிகுறிகளில் குறைந்தது மூன்று, கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்துக்குள். ஆகவே ஒரு ஆயிரம் ரூபாயை வைத்து முதலாமவனை இந்தப் பட்டியலில் போட முடியாது.

இப்போது இரண்டாமவன். வீட்டுச் சண்டையைப் பற்றிக் கேட்பதை விட்டு, யாரும் பார்க்காத நேரங்களைப் பற்றிக் கேட்டேன். ரியூசன் வரவுப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மாதத்தில் பாதி நாள் போகவில்லை, ஆனால் ஃபீஸ் காசு ஒவ்வொரு மாதமும் வீட்டிலிருந்து போயிருக்கிறது. பையில் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரின் கல்குலேட்டர்கள். "பென்சில் பெட்டிப் பிரச்சினை" என்பது கவராயத்தின் கூரால் இன்னொருவனின் கையில் குத்தியது. தடை சொல்லியும் இரவு பத்து மணிவரை வெளியே நின்றிருக்கிறான், பதினைந்து பதினாறு வயதுப் பெடியன்களோடு. அப்பாவுக்கு எல்லாம் துண்டு துண்டாகத் தெரியும், ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில்லை. ஒரு நாளும் எதிர்த்துக் கதைக்காத பிள்ளையை யார் சந்தேகிப்பார்கள்?

நடத்தைக் கோளாறுப் பட்டியலில் வருபவன் இவன்தான். எதிர்ப்பு நடத்தையும் நடத்தைக் கோளாறும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கவும் கூடும். ஆனால் எதிர்த்துக் கதைக்கிற பெரும்பாலான பிள்ளைகள் நடத்தைக் கோளாறுக்குப் போவதில்லை. அவர்களில் எரிச்சலும் கோபமும் மிகுந்தவர்களிடம் நான் அதிகம் தேடுவது பின்னாளைய மனச்சோர்வையும் பதற்றத்தையும்தான்.

சரி, திட்டம் எப்படி மாறுகிறது?

முதலாமவன் வீட்டில் ஒரு வட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஐந்து தடவை கூப்பிடுவார், குரல் ஏறும். அவன் கத்துவான், அம்மா களைத்து விட்டுவிடுவார். கத்தினால் வேலை முடிகிறது என்று அவன் படித்துக்கொண்டான். இன்னொரு நாள் அம்மா உச்சக் குரலில் கத்த, அவன் அடங்கினான். அதே பாடத்தை அம்மாவும் படித்துக்கொண்டார். இதில் தண்டனையைக் கூட்டினால் சுவாலையில் எண்ணெய் ஊற்றுவதுதான். நாங்கள் செய்தது, அம்மா, அப்பா, அம்மம்மா மூவரும் சேர்ந்து மூன்றே மூன்று விதிகளை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது. கட்டளையைப் பக்கத்தில் போய், ஒரு தடவை, சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மீறினால் மறுநாள் அரை மணி நேரம் போன் இல்லை, அவ்வளவுதான். ஒரு மாதப் பறிமுதல் இல்லை. அப்புறம், தினம் பதினைந்து நிமிடம் புத்திமதி எதுவும் சொல்லாமல் அவனோடு இருக்க வேண்டும். நித்திரையையும் கவனக்குறைவையும் தனியாகப் பரிசோதித்தோம். எதிர்ப்பு நடத்தைக்கென்று மருந்து இல்லை. ஆனால் அடியில் கவனக்குறைவுக் கோளாறு இருந்தால் அதற்கு உண்டு.

முதல் இரண்டு கிழமை நிலைமை மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பழைய ஆயுதம் வேலை செய்யவில்லையே என்று அவன் இன்னும் பலமாகக் கத்துவான். அந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் கைவிடுகிறார்கள்.

இதே "கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்ற அறிவுரையை இரண்டாமவனின் அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஆபத்து. அங்கே முதல் வேலை கண்காணிப்பு. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பது தெரிய வேண்டும். ரியூசன் ஆசிரியரின் இலக்கம் அப்பாவின் கையில் இருக்க வேண்டும், பாடசாலையில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். கல்குலேட்டர்களை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான், குத்துப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கு அப்பாவோடு போனான். அந்தப் பெரிய பெடியன்களோ அவர்களுக்குப் பின்னால் வேறு பெரியவர்களோ இவனைப் பயன்படுத்துகிறார்களா, இவனுக்கே யாரும் அடிக்கிறார்களா என்றும் தனியாகக் கேட்டோம். அப்படி ஏதும் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

இன்னொன்று. இப்படியான பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி "ஒழுக்க வகுப்பு" நடத்தலாமா என்று அதிபர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். ஒரே மாதிரியான பிள்ளைகள் சேர்ந்தால் ஒருவனின் வீரக்கதைக்கு மற்றவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பு எங்கள் புத்திமதியைவிடப் பலமானது. இதை ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து முதலாமவனின் அம்மா வந்தார். இன்னும் வாய் காட்டுகிறானாம், ஆனால் கிழமைக்கு ஒரு தடவைதான். ரிமோட் புதிதாம். இரண்டாமவன் இப்போது ரியூசனுக்குப் போகிறான். ஆனால் போன கிழமை பையில் யாருடையதென்று தெரியாத ஒரு போன் இருந்தது. அடுத்த சந்திப்பை மாதக் கடைசியிலிருந்து இந்த வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம்.