மாங்கூழ் டின் உப்பியது ஏன்? ஹாசப் வகுப்பில் கிடைத்த விடை

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து பேசுகிறேன். இதோ, போன வாரம் கைக்கு வந்த ஹாசப் சான்றிதழ். உணவு தயாரிக்கும் இடத்தில் ஆபத்து எந்தக் கட்டத்தில் நுழையும், எங்கே அதைத் தடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து வைக்கும் முறைதான் ஹாசப். பரீட்சையில் தேறியதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் இன்று நான் காட்ட வந்தது இந்த டின்னை.

நான் வேலை செய்வது ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். பெங்களூரா பழம், நம் ஊரில் கிளிமூக்கு என்று சொல்வோமே, அதன் கூழ்தான் அதிகம் ஓடும். கூழை 90 டிகிரிக்குச் சூடாக்கி, 3.1 கிலோ டின்னில் ஊற்றி, சீமர் மெஷினில் மூடி அடைத்து, கொதிநீரில் வேகவைத்து, குளிர்ந்த நீரில் ஆற்றுவோம். மாங்கூழின் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருப்பதால் கொடிய பாட்டுலிசம் கிருமி அதில் வளராது. அதனால்தான் 100 டிகிரி கொதிநீரே போதும்.

ஜூன் மாதம் கிடங்கில் சில டின்கள் உப்பின. அடுக்குக்கு ஒன்று, இரண்டு என்று அங்கங்கே. வேக்காடு போதவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம், நானும்தான். கொதிக்கும் நேரத்தைக் கூட்டினோம். கூழின் நிறம் மங்கியதுதான் மிச்சம், உப்புவது நிற்கவில்லை.

அப்போது ஒரு டின்னை நான் துணி போர்த்தி மெதுவாகத் துளையிட்டேன். உஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே புளித்த கள் வாசனை. ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், முட்டை வடிவில், பக்கத்தில் சின்ன மொட்டு விட்டபடி ஈஸ்ட். ‘ஈஸ்ட் உள்ளது’ என்று ரிப்போர்ட்டில் எழுதி, ஃபைலில் வைத்துவிட்டேன்.

ஜூலையில் வகுப்பு. பாடம் எடுத்த ஐயாவிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஈஸ்ட் 90 டிகிரியில் பிழைக்குமாம்மா?”

பிழைக்காது. வேக்காடு குறைந்திருந்தால், சூட்டைத் தாங்கும் வித்துள்ள பாக்டீரியாதான் மிஞ்சியிருக்கும். அதுவும் ஒரே நேரத்தில் வெந்த டின்கள் மொத்தமாகக் கெட்டிருக்கும். எங்களுடையதோ அங்கங்கே ஒன்று, அதில் ஈஸ்ட். அப்படியென்றால் கிருமி வேகவைத்த பிறகு உள்ளே போயிருக்கிறது. விடை என் கையெழுத்திலேயே இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

சரி, மூடிய டின்னுக்குள் எப்படிப் போகும்? சூடான டின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மூடியின் மடிப்புக்குள் இருக்கும் ரப்பர் பூச்சு அந்தச் சூட்டில் இளகித்தான் இருக்கும். அந்தச் சில நிமிடங்களில், மடிப்பு சரியாக இருந்தாலும்கூட, ஒரு நுண்ணிய துளி நீரை டின் உறிஞ்சிக்கொள்ளலாம். ஆற்றும் நீர் சுத்தமாக இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் அந்த ஒரு துளி போதும்.

முதலில் மடிப்பைத்தான் சந்தேகப்பட்டேன். இதோ பாருங்கள், அறுத்து வைத்திருக்கிறேன். மூடியின் கொக்கியும் டின்னின் கொக்கியும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கிறதா? இந்த மாட்டல் குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும். எங்களுடையது அதைத் தாண்டியே இருந்தது. சீமர் ஓட்டும் அண்ணன் மேல் குற்றமில்லை.

அப்புறம் நீர். தினமும் காலையில் தொட்டியில் குளோரின் கலந்து, அங்கேயே அளந்து, 2 பிபிஎம் என்று எழுதுவோம். சீசனின் கடைசி வாரம், மதியம் 3 மணிக்கு, ஆற்றும் தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் நீர் பிடித்து, அதில் குளோரின் சோதிக்கும் மாத்திரையைப் போட்டேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். மாறவே இல்லை. டின்களின் வெளிப்பக்கம் வழிந்து ஒட்டியிருந்த கூழ் நீரில் கரைந்து, இருந்த குளோரினை எல்லாம் தின்றுவிட்டது. நாங்கள் அளந்தது டின் தொடாத நீரை.

வெளியேறும் இடத்தில் குறைந்தது 0.5 பிபிஎம் மிஞ்ச வேண்டும். குளோரினைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல, மூடி அடைத்ததும் டின்னை வெந்நீரில் அலசிவிட்டு வேகவைத்தோம். மணிக்கு ஒரு முறை வெளியேறும் குழாயில் அளந்தோம். இப்படிச் செய்த நான்கு நாள் சரக்கைத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன், இதுவரை ஒன்றுகூட உப்பவில்லை. நான்கு நாள் சரக்கு மட்டும்தான், முழு சீசனும் ஓடினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் கூழ் ஆலைகளில் வேலை செய்கிற தம்பி தங்கைகள் இதைப் பார்த்தால், குளோரின் சோதிக்க நீங்கள் எந்த இடத்தில் நீர் பிடிக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வீடியோவில் இந்த மடிப்பை அறுத்து அளப்பதை முழுதாகக் காட்டுகிறேன்.