மச்சினன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து: போடலாமா, வேண்டாமா?

கேள்வி: "சார், என் மனைவியோட தம்பி சரக்கு வண்டி வாங்க 6 லட்சம் லோன் போடுறான். அஞ்சு வருஷத் தவணை, 12 சதவீத வட்டி. என்னை ஜாமீன் கையெழுத்து போடச் சொல்றாங்க. நான் தனியார் கம்பெனியில வேலை, கைக்கு 42,000 வருது. வீட்டுக்கடன், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மாசம் ஒரு 6,000 மிஞ்சும். ஒன்றரை லட்சம் டெபாசிட் இருக்கு. அவன் கட்டாம விட்டா எனக்கு என்ன ஆகும்? போட்ட பிறகு விலகிக்க முடியுமா?"

உங்கள் மச்சினன் நல்லவரா, உழைப்பாளியா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். அங்கே தவணை கட்டாமல் விட்டவர்களில் ஏமாற்றுக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் வண்டி ரிப்பேர், லோடு இல்லாத மூன்று மாதம், வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, இப்படித்தான் நிற்கும். அதனால் அவர் கட்டுவாரா என்று யோசிப்பதை விட, கட்ட முடியாமல் போனால் உங்கள் சம்பளம் தாங்குமா என்று பாருங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியவரை முழுக்கத் துரத்திப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கு உண்டு. வங்கி நேராக உங்களிடமே கேட்கலாம்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 6 லட்சத்துக்கு 12 சதவீதத்தில் 60 தவணை என்றால் மாதம் சுமார் 13,350 ரூபாய். உங்களிடம் மிஞ்சுவது 6,000. ஒவ்வொரு மாதமும் 7,350 குறையும். அதை டெபாசிட்டிலிருந்து எடுத்தால் ஒன்றரை லட்சம் ஏறத்தாழ 20 மாதம் வரும். கேட்பதற்கு, சரி, சமாளிக்கலாம் போலத் தோன்றும். ஆனால் வங்கி உங்களிடம் மாதத் தவணையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காது. உண்மையான ஆபத்து அங்கேதான்.

மச்சினன் 18 மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அசல் பாக்கி 4 லட்சத்து 56 ஆயிரம் இருக்கும். நிலுவை 90 நாளைத் தாண்டியதும் அது வாராக்கடன் கணக்கில் போகும். அதற்கப்புறம் வரும் நோட்டீசில் "மூன்று டியூ பாக்கி" என்று இருக்காது. மொத்தக் கடனையும் ஒரே தடவையில் கட்டு என்று இருக்கும். அது உங்கள் பெயருக்கும் வரும்.

வண்டி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளட்டும் என்பீர்கள். எடுப்பார்கள். ஆனால் ஏலத்தில் போகும் வண்டிக்குச் சந்தை விலை கிடைக்காது. யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்று, டயரும் பேட்டரியும் போன வண்டியைத்தான் ஏலத்தில் பார்ப்பார்கள். அபராதமும் யார்டு வாடகையும் சேர்ந்து பாக்கி 4.75 லட்சம் ஆகி, வண்டி 2.75 லட்சத்துக்குப் போனால், மிச்சம் 2 லட்சம். அதைத் தேடிக்கொண்டு உங்களிடம் வருவார்கள், ஏனென்றால் மாதச் சம்பளம் வருவது உங்களுக்குத்தான். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால் சம்பளத்தைப் பிடித்தம் செய்யவும் கோர்ட்டைக் கேட்கலாம். முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பிடிக்கக் கூடாது. உங்கள் 42,000-க்கு அது தோராயமாக மாதம் 13,670 பிடித்தம். வீட்டுக்கடன் தவணை அப்போது எங்கிருந்து போகும்?

இன்னொன்று, உங்கள் சிபில் அறிக்கையில் இந்தக் கடன் ஜாமீன்தாரர் என்ற பெயரில் இருக்கும். அவர் தாமதித்தால் உங்கள் ஸ்கோரும் அடிபடலாம். நாளைக்கு நீங்கள் ஒரு கடன் கேட்டால் இதையும் பொறுப்பாகவே பார்ப்பார்கள். அதே வங்கியில் உங்கள் டெபாசிட் இருந்தால் அதிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையை ஜாமீன் பத்திரத்திலேயே எழுதியிருப்பதும் வழக்கம். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். "இனி வாங்கும் எல்லாக் கடனுக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு, இந்தக் கடன் எண்ணுக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் போடாதீர்கள்.

உங்கள் நிலைமையில் நான் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாதம் 6,000 மிச்சத்தில் 13,350 பொறுப்பு நிற்காது. உதவி செய்யவேண்டும் என்றால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு தொகையை, உதாரணத்துக்கு 60,000, வண்டியின் முன்பணத்தில் சேர்த்துக் கொடுங்கள். கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாகக் குறையும், அவருடைய தவணையும் 12,000-த்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்கள் நஷ்டம் அந்த 60,000-த்தோடு நின்றுவிடும். மாமனார் வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். மனைவியையும் உட்கார வைத்து இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டிவிட்டு, இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டும் போடுகிறீர்கள் என்றால், பத்திரத்தின் நகலை வாங்கி வையுங்கள். மாதத் தவணைத் தேதிக்கு மறுநாள் மச்சினன் கணக்கு ஸ்டேட்மென்ட்டைப் போனில் காட்டச் சொல்லுங்கள். முதல் தவணை பவுன்ஸ் ஆன அன்றைக்கே தெரிந்தால் 90 நாள் கையில் இருக்கும். அந்த நாட்களில் ஒன்றிரண்டு தவணை நீங்கள் கட்ட நேர்ந்தால், மச்சினன் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு அனுப்புங்கள். ஜாமீன்தாரர் முறையாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்க 145-வது பிரிவு வழி தருகிறது, அதற்கு இந்த ரசீது வேண்டும். கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்டாக வேண்டும்.

தொழில் தேறாது என்று தெரிந்தால், வண்டி யார்டுக்குப் போகும் வரை காத்திருக்காதீர்கள். மச்சினனையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், நாங்களே ஆள் பார்த்து விற்று மொத்தக் கடனை அடைக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டிக்கு ஏலத்தை விட நல்ல விலை கிடைக்கும். அந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்து போகாத பணம். எடுத்துவிட்டார்கள் என்றால், ஏலத் தேதியையும் அடிப்படை விலையையும் கேட்டு உங்கள் பெயரில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வங்கி உங்கள் சம்மதமில்லாமல் ஈட்டை இழந்தாலோ விட்டுக்கொடுத்தாலோ அந்த மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும் என்று 141-வது பிரிவு சொல்கிறது.

விலகிக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். கடன் பணம் கொடுத்தாகிவிட்ட பிறகு, நீங்கள் மட்டும் ஒரு கடிதம் எழுதி விலக முடியாது. இன்னொரு ஜாமீன்தாரரையோ வேறு ஈட்டையோ கொண்டுவந்து, வங்கி அதை ஏற்று எழுத்தில் உங்களை விடுவித்தால்தான் முடியும். குடும்பத்தில் சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றாலும் அந்தக் கையெழுத்து செல்லும். பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே கிளைக்குப் போய், எனக்கு இதில் சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.